கம்பி வலைக்கு அப்பால் இருந்த மந்தி: படத்திலிருந்து வலையை நீக்க எந்த வழி?

வெலிமடையிலும் நுவரெலியாவிலும் பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் பயந்து வலை அடித்த மரக்கறித் தோட்டங்கள் நிறைய உண்டு. அந்த வலைக்கு அப்பால் மரத்தில் மந்தி வந்து உட்காரும்போது படம் எடுப்பவர்கள், தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சிறுத்தையைப் படம் பிடித்து வருபவர்கள், எல்லோரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். இந்த வலையை எடுக்க எது நல்லது? கையால் அழிப்பதா, மென்பொருளிடம் விடுவதா, பல படங்களைச் சேர்ப்பதா?

மென்பொருளின் பெயரில் தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது. கம்பிக்குப் பின்னால் இருந்த மிருகத்தின் ஒளி கமராவுக்குள் வந்து சேர்ந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொஞ்சமாவது வந்திருந்தால் அதை மீட்கலாம். வரவே இல்லை என்றால் வேறொரு படத்திலிருந்து எடுத்து வைக்கலாம். வேறு படமும் இல்லையென்றால் ஊகித்து வரைவது மட்டுமே மிச்சம். கீழே வரும் மூன்று வழிகளும் இந்த மூன்று நிலைகளுக்கு உரியவை.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் அளவுகோல், கம்பி எவ்வளவு மறைத்திருக்கிறது என்பது. அதைக் கணக்கிட லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய வேண்டும். குவியத் தூரத்தை f எண்ணால் வகுத்தால் அது வந்துவிடும். 250 மி.மீ. லென்ஸை f/5.6 இல் வைத்தால் திறப்பு ஏறக்குறைய 45 மி.மீ. போனில் இது 3 அல்லது 4 மி.மீ.தான்.

தோட்ட வலையின் கம்பி 3 மி.மீ. தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 45 மி.மீ. திறப்புக்கு முன்னால் 3 மி.மீ. கம்பி என்பது அகலமான சன்னலின் குறுக்கே ஒரு நூலைக் கட்டியது போல. நூலின் இரண்டு பக்கத்தாலும் ஒளி உள்ளே வரும். போனின் திறப்புக்கு முன்னால் அதே கம்பி மூடிய கதவு.

இதில் தூரத்துக்கும் பங்குண்டு. வலை உங்களிடமிருந்து 1 மீட்டரிலும் மிருகம் 6 மீட்டரிலும் இருந்தால், மிருகத்தின் ஒரு புள்ளியிலிருந்து லென்ஸுக்கு வரும் ஒளிக்கூம்பு வலையைக் கடக்கும் இடத்தில் 37 மி.மீ. அகலம் இருக்கும். கம்பி அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். மிருகம் 1.5 மீட்டரில் இருந்தால் கூம்பு 15 மி.மீ.க்குச் சுருங்கும், கால்பங்கு மறையும். 1.2 மீட்டரில் இருந்தால் பாதி போய்விடும். வலையில் முகத்தை ஒட்டிவைத்திருக்கும் மிருகத்தை எந்தப் பெரிய லென்ஸாலும் காப்பாற்ற முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, கம்பி எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, எத்தனை கம்பிகள் என்பது. 2 அங்குலக் கண் உள்ள வலை 1 மீட்டரில் இருந்தால், 6 மீட்டரில் உள்ள மிருகத்தின் மேல் கம்பிகள் 30 செ.மீ.க்கு ஒன்றாகத்தான் விழும். அரை மீட்டர் உடம்புள்ள மந்தியின் மேல் மொத்தம் மூன்று நான்கு கம்பிகள். மிருகம் வலைக்கு 20 செ.மீ. பின்னால் இருந்தால் அதே வலை 6 செ.மீ.க்கு ஒரு கம்பியாக உடம்பை அரிந்துவிடும். வேலை பல மடங்கு கூடும்.

மூன்றாவது, மிருகம் சில நொடிகள் அசையாமல் இருந்ததா, உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட படம் இருக்கிறதா என்பது. நான்காவது, படம் எதற்கு என்பது. வீட்டுச் சுவருக்கு ஒரு நியாயம், சிறுத்தையின் புள்ளிகளை வைத்து அது எந்தச் சிறுத்தை என்று பார்க்கப் போகிறவருக்கு வேறு நியாயம்.

## முதல் வழி: சாம்பல் திரையை இறக்குவது

பெரிய லென்ஸில் எடுத்த படத்தில் கம்பியே தெரியாது. ஆனால் மந்தியின் கறுப்பு மயிரில் சாய்வாகச் சாம்பல் பட்டைகள் ஓடும். பத்தில் ஒரு பங்குதானே மறைந்தது, ஏன் இவ்வளவு வெளுத்துப் போகிறது என்று தோன்றும். கம்பி மறைத்ததால் வந்த கேடு அல்ல அது. வெயில் பட்ட வெள்ளிநிறக் கம்பி தன் ஒளியையும் சேர்த்து அனுப்புகிறது. கறுப்பு மயிரைவிடக் கம்பி பத்து மடங்கு பிரகாசம் என்றால், மிருகத்திடமிருந்து 0.9 பங்கும் கம்பியிடமிருந்து 1 பங்கும் வந்து, அந்தப் பட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சமாகிவிடும். வெளிர்நிற மிருகத்தில் இதே வலை கண்ணுக்கே படாமல் போகக்கூடும். கறுப்பு வர்ணம் பூசிய கம்பி என்றாலும் அப்படித்தான்.

இது கூடுதலாக வந்து சேர்ந்த ஒளி. ஆகவே கழித்தால் போதும், எதையும் வரைய வேண்டியதில்லை. GIMP இல் படத்தின் அடுக்கைப் பிரதியெடுத்து, அதற்குக் கறுப்பு முகமூடி போடுங்கள். விளிம்பு முழுக்க மென்மையான தூரிகையால், பட்டையின் அகலத்துக்கு, Shift ஐ அழுத்திக்கொண்டு நேர்கோடாக வெள்ளை இழுங்கள். பிறகு முகமூடியை விட்டுப் படத்தைத் தெரிவுசெய்து, `Levels` பெட்டியில் நேரியல் ஒளி என்ற தெரிவை அமுக்கி, இடது பக்கக் கறுப்பு முனையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ணை நம்பிச் செய்யக் கூடாது. வண்ணத் தெரிகருவியைச் சராசரி எடுக்கும்படி வைத்து, பட்டையில்லாத மயிரையும் அதை ஒட்டிய பட்டை மயிரையும் அளந்து பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் சுத்தமான மயிர் 40 என்றால் பட்டை 57 அளவில் இருக்கும். இரண்டும் ஒன்றாகும்வரை நகர்த்தினால் போதும். கம்பி வானத்தைப் பிரதிபலித்திருந்தால் பட்டையில் நீலம் கூடியிருக்கும். அப்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே ஒப்பிட்டு இறக்க வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு கோப்பில் இருக்கிறது. JPEG படத்தின் இருண்ட பகுதியை இப்படி இழுத்தால் சதுரம் சதுரமாகக் கட்டம் எழும், அதனால் RAW வேண்டும். பாதிக்கு மேல் மறைந்த இடத்தில் மிஞ்சிய ஒளி சொற்பம் என்பதால், இழுத்தெடுத்த மயிர் மணல் தூவியது போல் வரும். பின்புலத்தில் இலை இடைவெளியின் வெளிச்ச வட்டங்கள் இருந்தால் அந்த வட்டங்களுக்குள் வலையின் கோடு பதிந்திருக்கும், அது இந்த முறைக்கு மசியாது.

ஆனாலும் தகுதியான படத்துக்கு மூன்றிலும் இதுவே மேலானது. மயிரின் ஒவ்வொரு இழையும் அந்த மிருகத்தினுடையதாகவே இருக்கும்.

## இரண்டாவது வழி: அழித்து நிரப்புவது

கம்பி முழுவதும் மறைத்த ஒற்றைப் படம் மட்டும் கையில் இருந்தால் இதைவிட வேறு வழியில்லை. Photoshop இல் `Content-Aware Fill`, GIMP இல் Resynthesizer செருகுநிரலின் `Heal Selection`, இரண்டும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஓட்டையை நிரப்புகின்றன.

பெரும்பாலானோர் தோற்பது தெரிவு செய்யும் இடத்தில். கம்பியின் நடுப்பகுதியை மட்டும் தெரிவு செய்கிறார்கள். மங்கலான கம்பிக்கு இரு பக்கமும் சாம்பல் ஓரம் இருக்கும், கருவி அந்த ஓரத்தையே மாதிரியாக எடுத்து உள்ளே பரப்பிவிடும். வலை போன பிறகும் வலையின் ஆவி தெரிகிறது என்றால் காரணம் இதுதான். சுத்தமான நிறம் தொடங்கும் இடம்வரை தெரிவை அகட்டுங்கள்.

எல்லாக் கம்பிகளையும் ஒரே தடவையில் தெரிவு செய்வதும் கூடாது. ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடைப்பட்ட துண்டுகளை முதலில் முடித்து, சிலுவையாக மிஞ்சும் முடிச்சுகளைக் கடைசியாக நிரப்புங்கள். அப்போது முடிச்சைச் சுற்றி நாலு பக்கமும் நல்ல மாதிரி இருக்கும்.

மிருகத்தின் உடம்பில் கையால் செய்வதே நல்லது. மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே சற்று மேலிருந்தோ கீழிருந்தோ மாதிரி எடுக்க வேண்டும், பக்கவாட்டில் எடுத்தால் மயிரின் ஓட்டம் முறியும். உடம்பின் உட்பகுதிக்கு `Heal` பொருத்தம். உடம்பும் வானமும் சந்திக்கும் விளிம்பில் அதே கருவி இரண்டு நிறங்களையும் கலந்து சேறாக்கிவிடும், அங்கே `Clone` தான்.

இதன் செலவு நேரம் மட்டுமல்ல. 6 மீட்டரில் உள்ள மந்தியின் மேல், 1 மீட்டரில் இருக்கும் கம்பியின் கோடு ஓரங்களோடு சேர்த்து 3, 4 செ.மீ. அகலமாக விழும். அது முகத்தில் விழுந்தால் முகத்தின் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் ஊகித்து வரைகிறீர்கள். மந்தியின் முதுகில் அப்படி வரைந்ததை யாரும் கண்டுபிடிக்க முடியாது. சிறுத்தையின் விலாவில் வரைந்தால் இல்லாத புள்ளி ஒன்று பிறக்கும், இருந்த புள்ளி ஒன்று மறையும். புள்ளி அமைப்புத்தான் ஒவ்வொரு சிறுத்தைக்கும் அடையாளம். போனில் ஒரு தொடுதலில் அழிக்கும் கருவிகளும் இதில் அடங்கும். அவை நிரப்பும் மயிர் பார்க்க அசலாகவே இருப்பதால், எது படம், எது கற்பனை என்று எடுத்தவருக்கே பிறகு தெரியாமல் போகிறது. மூலப்படத்தைத் தனியே வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

## மூன்றாவது வழி: நகர்ந்து நகர்ந்து எடுத்த ஏழு படங்கள்

போன் மட்டும் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி, ஆனால் படம் எடுக்கும்போதே நினைவு வர வேண்டும். கமராவைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தினால், கிட்ட உள்ள கம்பி மிருகத்தின் மேல் வேறிடத்துக்குப் போகும். ஒரு படத்தில் மறைந்த மூக்கு அடுத்த படத்தில் வெளியே வரும். எல்லாப் படங்களையும் மிருகத்தின் மேல் பொருத்தி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் வரிசையில் நடுவில் நிற்கும் மதிப்பை எடுத்தால், எந்தப் புள்ளியும் பாதிக்கும் குறைவான படங்களில்தான் கம்பியால் மறைந்திருக்கும் என்ற நிபந்தனையில், கம்பி விழுந்துவிடும்.

கணக்கு இதுதான். போனின் திறப்பு 4 மி.மீ. என்றால், கம்பி தன் தடிப்பும் மங்கலும் சேர்ந்து வலையில் 6 மி.மீ. சொச்சம் அகலத்தை மறைக்கும். சுண்டுவிரல் அகலம், அதாவது 1.2 செ.மீ., போனை நகர்த்தினால் சாய்ந்த கம்பியிலிருந்து பார்வைக்கோடு 7 மி.மீ. விலகிவிடும். ஏழு படம் எடுத்தால் 5 செ.மீ. கண் முழுவதையும் கடந்துவிடுவீர்கள். ஒரு புள்ளி இரு திசைக் கம்பிகளாலும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு படங்களில்தான் மறையும். ஏழில் மூன்றுவரை நடுமதிப்பு தாங்கும். ஐந்து படம் என்றால் சில முடிச்சுகள் மிஞ்சும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த வழிக்குக் கம்பி கூர்மையாக, ஒல்லியாக இருக்க வேண்டும். முதல் வழிக்கு நேர் எதிர். 250 மி.மீ. லென்ஸில் f/5.6 இல் எடுத்தால் கம்பியின் மங்கல் 40 மி.மீ. அகலத்துக்குப் பரவி, 50 மி.மீ. கண்ணில் பெரும்பகுதியை மூடிவிடும். எத்தனை படம் எடுத்தாலும் எல்லாவற்றிலும் திரை இருக்கும். அதை f/16 க்குச் சுருக்கினாலும் தேறாது. கமராவில் இதைச் செய்வதானால் 100 மி.மீ. குவியத் தூரம், f/16 என்ற அளவுக்கு வர வேண்டும்.

பொருத்துவதைத் தானியங்கிக் கருவியிடம் விட்டால் அது வலையின் முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டு வலையை அழகாகப் பொருத்தித் தரும், மந்தி ஏழாகிவிடும். GIMP இல் ஏழையும் அடுக்குகளாகத் திறந்து, மேலுள்ளதை 50% ஒளிபுக வைத்து, இரண்டு கண்களும் ஒன்றன்மேல் ஒன்று அமரும்வரை கையால் நகர்த்துங்கள். பிறகு எல்லா அடுக்குகளையும் மறுபடி 100% க்குக் கொண்டுவந்து, படத்தின் அளவுக்குச் சரிசெய்து, மற்றவற்றை மறைத்து ஒவ்வொன்றாக m1.tif முதல் m7.tif வரை ஏற்றுமதி செய்து, ImageMagick இல் இந்த ஒரு வரி போதும்:

```
magick m?.tif -evaluate-sequence Median mandhi.tif
```

கம்பி பாதி தெரியும் ஆவியாக மிஞ்சினால் நகர்த்தியது போதவில்லை. மயிர் மெழுகு போல் வழுவழுப்பாக இருந்தால் பொருத்தியது பிசகியிருக்கிறது, அல்லது மிருகம் அசைந்திருக்கிறது. தலையைத் திருப்பிய படங்களை எடுத்துவிட்டு ஒற்றைப்படை எண்ணிக்கையில் மறுபடி ஓட்டுங்கள்.

மறைமுகச் செலவு பின்புலத்தில் வரும். மந்தியின் மேல் பொருத்தியதால் அதற்குப் பின்னால் உள்ள கிளைகள் ஏழு இடத்தில் விழுந்து கலங்கும். பின்புலத்தை நடுப்படத்திலிருந்து மட்டும் எடுத்து, அதிலுள்ள கம்பிகளை இரண்டாம் வழியில் அழிப்பதே சரி. இலைக்கூட்டத்தில் அது சுலபம்.

## பக்கம் பக்கமாக

| | திரை இறக்கல் | அழித்து நிரப்பல் | ஏழு படங்கள் |
|---|---|---|---|
| எப்போது | பெரிய திறப்பு, மிருகம் வலைக்குத் தொலைவில் | ஒற்றைப் படம், கம்பி முழுதாய் மறைத்தது | போன் அல்லது சிறு திறப்பு, மிருகம் அசையவில்லை |
| மிருகத்தின் விவரம் | உண்மையானது | ஊகம் | உண்மையானது |
| தேவை | RAW கோப்பு | பொறுமை, மூலப்படத்தின் பிரதி | எடுக்கும்போதே திட்டம் |
| உடையும் இடம் | பாதிக்கு மேல் மறைந்த பகுதி | முகம், கண், புள்ளி, விளிம்பு | அசைவு, பின்புலம் |

## ஒரு மந்தி, மூன்று நிலைமை

ஹக்கல பக்கத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வலைக்கு முன்னால் கான் வெட்டியிருப்பதால் 1 மீட்டருக்குக் கிட்டப் போக முடியாது. 6 மீட்டரில் ஊதாமுக மந்தி ஒன்று உட்கார்ந்து இலை தின்கிறது. காலை வெயில் வலையில் அடிக்கிறது.

250 மி.மீ. லென்ஸில் f/5.6 இல் RAW எடுத்தவருக்கு முதல் வழியே போதும். நான்கு பட்டைகளுக்கு நான்கு முகமூடிக் கோடுகள், அரை மணி நேர வேலை. அவர் `Content-Aware Fill` பக்கம் போவது நல்ல மயிரை அழித்துவிட்டுப் பொய் மயிர் வைப்பதாகும்.

போனில் ஏழு படம் எடுத்தவருக்கு மூன்றாம் வழி. ஆனால் அவர் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பிரதான லென்ஸில், 4000 புள்ளி அகலப் படத்தில், 6 மீட்டரில் உள்ள அரை மீட்டர் மந்தி ஏறக்குறைய 240 புள்ளிதான் இருக்கும். 3 மடங்கு லென்ஸில் 700. அந்த 240 புள்ளிக்கு இத்தனை வேலை பார்ப்பது வீண் என்பது என் கருத்து.

போனில் ஒரே படம் எடுத்தவர் கம்பி எங்கே விழுந்தது என்று பார்க்கட்டும். முதுகிலும் வாலிலும் என்றால் நிரப்பலாம், நன்றாக வரும். கண்ணை வெட்டியிருந்தால் மற்றக் கண்ணைத் திருப்பிப் போட்டு ஒட்டுகிறார்கள். அப்போது கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி மறுபக்கத்துக்குப் போய், வெயில் இரண்டு திசையில் அடிப்பதுபோல் இருக்கும். அந்தப் படத்தை வலையோடு வைத்துக்கொள்வதே நேர்மை.

போட்டிக்கு அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் Wildlife Photographer of the Year உட்பட, காட்டுயிர்ப் போட்டிகள் படத்தில் இருந்ததை நீக்குவதை ஏற்பதில்லை. ஏழு படங்களைச் சேர்ப்பதும் அதில் மாட்டக்கூடும். திரை இறக்கல்கூடப் படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் திருத்தம் என்பதால் விதியை வாசித்துவிட்டே அனுப்ப வேண்டும்.

## இன்னும் வலைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு

கமரா என்றால் திறப்பை முழுவதும் திறந்து, ஒற்றைக் குவியப் புள்ளியை மிருகத்தின் கண்ணில் வையுங்கள், இல்லாவிட்டால் கமரா வலையைப் பிடித்துக்கொள்ளும். வலையில் நிழல் விழும் பகுதியைத் தேடி நில்லுங்கள். நிழல் இல்லையென்றால், கூட வந்தவரின் கறுப்புக் குடையை லென்ஸுக்கு முன்னால் உள்ள வலைப் பகுதியில் நிழல் விழும்படி பிடிக்கச் சொல்லுங்கள். கம்பியின் பிரகாசம் இறங்கினால் சாம்பல் பட்டையில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. பனிமூட்டம் இறங்கிய நேரம் இதற்கு உகந்தது. ஆனால் மூட்டம் கலைந்து வெயில் வரும் முதல் பத்து நிமிடம் கெட்ட நேரம், கம்பியில் தொங்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் விளக்காக எரியும்.

போன் என்றால், போகக்கூடிய வலைதானா என்று பார்த்து, மின்வேலி இல்லை என்று உறுதி செய்து, மிருகக்காட்சிசாலையில் தடுப்பைத் தாண்டாமல், லென்ஸை வலைக்கண்ணின் நடுவில் ஒட்டிவையுங்கள். 4 மி.மீ. திறப்புக்கு அரை அங்குலக் கோழி வலையின் கண்கூடப் போதும். பல லென்ஸ் உள்ள போனில் எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் 3 மடங்கு என்று திரையில் காட்டிக்கொண்டே போன் பிரதான லென்ஸுக்கு மாறிவிடும், அப்போது வலைக்கண்ணுக்கு நடுவில் நீங்கள் வைத்திருப்பது வேலை செய்யாத லென்ஸாக இருக்கும்.